மொத்தம் சரியாக வந்தால் மட்டும் போதுமா?

போன வருஷப் பொங்கல் லீவில் ஒருநாள் முழுக்க நான் ஒன்பது வாடகை ரசீதுகளோடு மல்லுக்கட்டினேன். பி.காம் படிக்கிற பையன் வீட்டில் இருந்தால் கணக்கு வேலையெல்லாம் அவன் தலையில்தான் விழும். கூடப் படிக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்!

எங்க அண்ணன் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். மரக்காணத்தில் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு வீடு. ஊரில் கட்டிய வீட்டுக்குக் கடன் வட்டி போவதால் பழைய வரித் திட்டம்தான் அவருக்கு லாபம். வாடகைப் படிக்கு விலக்கு கிடைப்பதும் அந்தத் திட்டத்தில்தான். 2025 ஜனவரி 20-க்குள் ரசீதுகளையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கொடுக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருந்தது.

விலக்கு எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். 2024-25 நிதியாண்டில் அண்ணனுக்கு அடிப்படைச் சம்பளம் 45,000, வாடகைப் படி 18,000. மூன்று தொகையில் எது குறைவோ அதுதான் விலக்கு. கையில் வாங்கும் படி 18,000. மரக்காணம் பெருநகரம் இல்லை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், அதுவும் 18,000. மூன்றாவது, கொடுத்த வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தது: 9,000 - 4,500 = 4,500. ஆக மாதம் 4,500, வருஷத்துக்கு 54,000.

வீட்டுக்காரர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற பெரியவர். "ரசீது வேணும் ஐயா" என்று அண்ணன் கேட்டதும் ஒரே ராத்திரியில் ஒன்பதும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, மாதம் 9,000, வங்கி மூலம் பெற்றேன், தேதி அடுத்த மாதம் 5. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மொத்தம் 81,000.

நான் ஸ்டேட்மென்ட்டில் அவர் பெயருக்குப் போன வரிகளை மட்டும் எக்செல்லில் எடுத்துப் போட்டேன்.

2024 ஏப்ரல் 5 முதல் செப்டம்பர் 5 வரை மாதம் ஒன்று, ஆறு தடவை 9,000
அக்டோபர் 5: 18,000
நவம்பர், டிசம்பர்: ஒன்றும் இல்லை
2025 ஜனவரி 5: 9,000

கூட்டினால் 81,000. ரசீதும் 81,000. "அவ்ளோதாண்டா, முடிஞ்சுது, ஸ்கேன் பண்ணு" என்றார் அண்ணன்.

நானும் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் ஈடுசெய் பிழை என்று ஒன்று படித்தது ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் நூறு ரூபாய் கூடி, இன்னொரு இடத்தில் நூறு ரூபாய் குறைந்தால் இருப்பாய்வு அழகாகச் சமமாகும். தப்பு இரண்டும் உள்ளேயே இருக்கும். அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'எந்த மாத வாடகை' என்று ஒரு கட்டம் போட்டேன். அப்போதுதான் குட்டு உடைந்தது.

முதல் வரியே தப்பு. இந்த வீட்டில் மாதம் முடிந்த பிறகுதான் வாடகை கொடுப்பார்கள். ஏப்ரல் 5 அன்று போன 9,000 மார்ச் மாத வாடகை. அதற்கான ரசீதைப் போன நிதியாண்டிலேயே கொடுத்தாயிற்று. இதை இந்த வருஷமும் காட்டினால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை விலக்கு கேட்டதாகும்.

அந்த ஒன்பதாயிரத்தை எடுத்துவிட்டால் வங்கியில் 72,000தான் நிற்கும். அப்படியென்றால் ஒரு மாத வாடகை வங்கி வழியாகப் போகவே இல்லை. எந்த மாதம்?

அக்டோபர் 18,000-க்குக் காரணம் அண்ணிக்குத் தெரிந்திருந்தது. ஐப்பசி மழை இறங்கினால் உப்பு எடுப்பது நின்றுவிடும். திரும்பப் பாத்தி கட்டி உப்பு எடுக்க வருஷம் பிறக்க வேண்டும். கையில் பணம் இருக்காது என்பதால் பெரியவர் அக்டோபர் வாடகையையும் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். ஆக அந்த 18,000, செப்டம்பரும் அக்டோபரும் சேர்ந்தது. ஜனவரி 5 அன்று போனது டிசம்பர் வாடகை. மிச்சம் நவம்பர்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். உப்பளமெல்லாம் வெள்ளம், வரப்பு உடைந்து கிடந்தது. பெரியவருக்குக் கூலி கொடுக்க உடனே ரொக்கம் வேண்டியிருந்தது. அண்ணன் டிசம்பர் 6-ம் தேதி திண்டிவனம் ஏடிஎம்மில் 10,000 எடுத்து, அதில் 9,000 கையில் கொடுத்திருக்கிறார். கொடுத்தவரே மறந்துவிட்டார்!

ஏடிஎம் வரி ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. ஆனால் பணம் எடுத்ததை மட்டும்தான் அது சொல்லும், யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது ரசீதுதான். அந்த ரசீதோ 'வங்கி மூலம்' என்கிறது. அக்டோபர் மாத ரசீதில் நவம்பர் 5 என்று தேதி, அன்றைக்குப் பணமே போகவில்லை. அலுவலகத்தில் யாராவது வரிக்கு வரி பார்த்தால், உண்மையிலேயே வாடகை கொடுத்த மனுஷன் பொய் ரசீது கொடுத்தவன் ஆகிவிடுவான்.

சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "எல்லாத்தையும் திருப்பி எழுதணும்னா, 8,300-ன்னே போட்டுடலாமா தம்பி?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 99,600. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் எண் கொடுக்க வேண்டும். யாரோ அவருக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "ஐயா, பேங்க்ல ஒவ்வொரு மாசமும் 9,000-ன்னு இருக்கே. ரசீதுல 8,300 போட்டா ரெண்டும் இடிக்குமே" என்றேன். அண்ணனுக்கு விலக்கும் 54,000-லிருந்து 45,600 ஆகிவிடும்.

அவருடைய பயம் வரியைப் பற்றித்தான். அதனால் அதையும் அங்கேயே உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். வாடகை 1,08,000. அதில் பராமரிப்புக்கென்று 30 சதவீதம் சட்டமே கழித்துவிடும். மிச்சம் 75,600. கட்டிய வீட்டு வரியைக் கழித்தால் இன்னும் குறையும். இதோடு உப்பு வருமானத்தையும் சேர்த்தே வரம்பைப் பார்க்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்த வருஷம் உப்புல என்னத்த மிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் பான் கார்டை எடுத்து வந்தார்.

ரசீதுகளைப் புதிதாக எழுதினோம். பழைய தேதி எதுவும் போடவில்லை. எழுதிய நாள் ஜனவரி 16 என்றே போட்டு, உள்ளே 'இந்த மாத வாடகை, இந்தத் தேதியில், இந்த வழியில் பெற்றேன்' என்று மூன்றையும் எழுதினோம். வங்கி வழிப் பணத்துக்கு யூபிஐ பரிவர்த்தனை எண்ணும் சேர்ந்தது. செப்டம்பர், அக்டோபர் ரசீது இரண்டிலும் அதே அக்டோபர் 5, அதே எண், 18,000-ல் 9,000 என்ற குறிப்பு. நவம்பர் ரசீதில் 'ரொக்கமாக, டிசம்பர் 6'. ரொக்கம் 5,000-க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் பாதி விழுகிற மாதிரி கையெழுத்து. கடைசியில் என் எக்செல் பட்டியலையும் அச்செடுத்து மேலே வைத்தேன். ஏப்ரல் 5 வரிக்கு எதிரே 'மார்ச் 2024, இதில் சேராது' என்று போட்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: நவம்பர் வாடகை ஸ்டேட்மென்ட்டில் எங்கே? அண்ணன் ரொக்க ரசீதையும் ஏடிஎம் வரியையும் காட்டினார். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் அண்ணன் பணம் அனுப்பும்போதே குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதி அனுப்புகிறார். அடுத்த பொங்கலுக்காவது நான் நிம்மதியாகக் கரும்பு கடிக்கலாம் :-)