'லாம்' படுத்தும் பாடு

பரமத்தி ரோட்டில் ஒரு முட்டை கோடவுன். தெரிந்த பண்ணைக்காரர் ஒருவர் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் தமிழாக்கிய ஆய்வுச் சுருக்கத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். உண்மையான ஆய்வு அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். விவசாயிகளுக்கு மொழிபெயர்த்துப் பழக நானே கட்டிய மாதிரி அது. எண்களும் நான் போட்டவை. நடு வாக்கியம் இப்படி இருந்தது: "லேயர் தீவனத்தில் மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் திப்பி சேர்க்கலாம், தீவனச் செலவைக் குறைக்கலாம்."

"இப்படிப் போட்டிருந்தா நாளைக்கே மில்லுல சொல்லிருவனுங்க" என்றார். "அவங்களே சேர்க்கலாம்னு சொல்லிட்டாங்கல்ல?"

ஆங்கில மூலத்தில் நான் எழுதியிருந்தது 'மே'. செலவு குறைய இடமுண்டு, உறுதியில்லை என்பதுதான் அதன் பொருள். தமிழில் அது அனுமதியாகிவிட்டது.

*

திப்பியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப் பாலை வடித்தபின் நிற்கும் நார்ச்சக்கை அது. சேலத்துச் சேகோ ஆலையில் கழிவு, நாமக்கல் பண்ணையில் தீவனம். மாவுச்சத்து கொஞ்சம் மிஞ்சியிருக்கும். புரதம் மிகக் குறைவு, நார் அதிகம். அதனால் எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் கேள்வியே இருக்கிறது. "சேர்க்கலாம்" என்ற ஒரு சொல் அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது.

*

'லாம்' விகுதிக்கு இரண்டு வேலை. "மழை வரலாம்" என்றால் ஐயம். "நீங்க போகலாம்" என்றால் அனுமதி. மழைக்கு யாரும் அனுமதி தரமுடியாது, ஆகவே அங்கே குழப்பமில்லை. செய்பவர் மனிதராக இருந்தால்தான் சிக்கல். "செலவைக் குறைக்கலாம்" என்றதும் குறைப்பவர் தான்தான் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார்.

இனி ஐயத்துக்குக் 'கூடும்' என்றே எழுதுவது என்று வைத்திருக்கிறேன்: "தீவனச் செலவு குறையக்கூடும்." செயப்படுபொருளை எழுவாயாக்கினால் செய்பவர் விலகிவிடுகிறார், அனுமதியும் போய்விடுகிறது. 'வாய்ப்பு உண்டு' என்பது நல்லது நடக்கும்போது மட்டும் பொருந்தும். "கோழி சாக வாய்ப்பு உண்டு" என்று எழுதக் கை வரவில்லை.

'குறையுமாம்' என்று எழுதிப் பார்த்தேன். அது ஐயம் ஆகாது. பிறர் சொல்லக் கேட்டது என்றாகிவிடும். ஆய்வை வதந்தியாக்கும் வேலை.

*

'சஜஸ்ட்' என்ற வினைக்கு 'உணர்த்துகின்றன' என்றால் ஆய்வாளர் சொன்னதைவிட உறுதி கூடிவிடுகிறது. 'நிரூபிக்கின்றன' இன்னும் மோசம். "முடிவுகள் இப்படிச் சுட்டுகின்றன" போதும். மூலத்தில் 'மே சஜஸ்ட்' என்று இரண்டு தயக்கம் அடுக்கிவந்தால் இரண்டையும் கொண்டுவரவேண்டும்: "சுட்டக்கூடும்." வாக்கியம் இழுக்கிறதே என்று ஒன்றை உதிர்த்தால், ஆய்வாளர் சொல்லாத உறுதியை நான் சேர்க்கிறேன்.

*

மாதிரியின் நடுப்பகுதி இது. ஒரு கூண்டுக்கு 5 கோழி. 24 கூண்டுகளுக்கு வழக்கமான தீவனம், 24 கூண்டுகளுக்குத் திப்பி கலந்தது. எந்தக் கூண்டுக்கு எது என்று குலுக்கிப் போட்டாயிற்று. 12 வாரம் கழித்து, முட்டை விழுக்காடு வழக்கமான தீவனத்தில் 88.4, திப்பியில் 87.1. வேறுபாடு 1.3. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 3.4 குறைவிலிருந்து 0.8 கூடுதல் வரை. p = 0.22. ஆங்கிலத்தில் முடிவு வாக்கியம்: வேறுபாடு 'சிக்னிஃபிகன்ட்' அல்ல.

முதலில் நான் எழுதியது: "முட்டை உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." பத்திரிகைத் தமிழில் தடங்கலில்லாமல் ஓடும் வாக்கியம். ஆனால் இரட்டைத் தப்பு. 'குறிப்பிடத்தக்க' என்றதும் படிப்பவருக்கு அளவுதான் தோன்றும்: பெரிதாக ஒன்றுமில்லை, விட்டுத்தள்ளு. அந்த ஆங்கிலச் சொல் அளவைப் பற்றிப் பேசவில்லை. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் குலுக்கலின் போக்கில் மட்டுமே இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தோன்ற முடியும்; அதற்கான நிகழ்தகவு 0.22 என்பதுதான் p. 'இல்லை' என்பது அடுத்த தப்பு. வேறுபாடு இல்லை என்று ஆய்வு காட்டவில்லை, உண்டு என்று காட்ட அதனிடம் சான்று போதவில்லை. "மாடு தொழுவத்தில் இல்லை" என்பதும் "இருட்டில் மாடு கண்ணில் படவில்லை" என்பதும் ஒன்றா?

இப்போது எழுதியிருப்பது: "திப்பி கலந்த கூண்டுகளில் முட்டை விழுக்காடு 1.3 புள்ளி குறைந்திருந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல் சோதனையில் உறுதிப்படவில்லை."

*

அந்த 'புள்ளி' எதற்கு என்று பண்ணைக்காரர் கேட்டார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். 10,000 கோழி. நாளுக்கு 88.4 என்றால் 8,840 முட்டை. 1.3 சதவீதப் புள்ளி குறைந்தால் 130 முட்டை போகும். 8,840-இல் 1.3 சதவீதம் குறைந்தால் 115 தான். ஒரே எண், சொல் மாறினால் நாளுக்கு 15 முட்டை வித்தியாசம்.

அதே கணக்கை நம்பிக்கை இடைவெளிக்கும் போட்டோம். தரவுக்கு ஒத்துவரும் விளைவுகளின் எல்லை, ஒரு முனையில் நாளுக்கு 340 முட்டை இழப்பு, மறுமுனையில் 80 முட்டை ஆதாயம். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். "340-ங்களா? இதையா வேறுபாடு இல்லைன்னு எழுதப் பாத்தீங்க?"

இடைவெளியைச் சுருக்கத்திலிருந்து தூக்கிவிட்டால் வாசகருக்கு மிஞ்சுவது 'உறுதிப்படவில்லை' என்பது மட்டுமே. 340-உம் தெரியாது, 80-உம் தெரியாது. எல்லைகள் இரண்டையும் எழுதியே தீரவேண்டும். பெயர்தான் தொல்லை. 'நம்பிக்கை' என்றதும் யாருடைய நம்பிக்கை என்று கேட்கத் தோன்றுகிறது. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்ற எனக்குத் துணிவில்லை. சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே முட்டைக் கணக்கைப் போடுகிறேன்.

*

சேலத்தில் இதே பாடு நூறாண்டுக்கு முன்பே பட்டிருக்கிறார்கள். 1916-இல் ராஜாஜி அங்கே வழக்கறிஞராக இருந்தபோது அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கச் சங்கம் ஒன்று தொடங்கி, வெங்கடசுப்பையருடன் சேர்ந்து பத்திரிகையும் நடத்தினார். வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் பெயர்ச்சொல் தேடிய காலம் அது. இன்று பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன: திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு, சமவாய்ப்பு மாதிரி. இன்னும் பட்டியலில் ஏறாதவை 'லாம்', 'ஆல்' போன்ற விகுதியும் உருபும்தான். கலைச்சொல் அகராதியில் அவற்றுக்கு இடமில்லை, ஆனால் என் தப்புகள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன.

*

'ஆல்' பற்றி. "திப்பியால் குறைந்தது" என்றால் காரணம் திப்பிதான் என்று பொருள். குலுக்கிப் பிரித்த சோதனையில் வேறுபாடு உறுதிப்பட்டிருந்தால் அப்படி எழுத நியாயம் உண்டு. பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டுத் திரட்டிய கணக்கெடுப்பாக இருந்தால் எழுதக்கூடாது. திப்பி வாங்கும் பண்ணைக்குக் கையில் காசு குறைவாக இருந்திருக்கலாம், கோழிக்கு வயதாகியிருக்கலாம். அங்கே "திப்பி சேர்த்த பண்ணைகளில் குறைவாக இருந்தது" என்பதோடு நிறுத்தவேண்டும்.

*

± குறி. மாதிரியில் முட்டை எடை 55 ± 0.3 கிராம். பண்ணைக்காரர் சிரித்தார்: "என்ற முட்டை 48-ம் இருக்கு, 62-ம் இருக்கு." சரிதான். 0.3 என்பது சராசரியின் திட்டப் பிழை. முட்டைக்கு முட்டை உள்ள வித்தியாசத்தைச் சொல்வது திட்ட விலக்கம். அது 4 கிராம், 180 முட்டை எடுத்ததால் 0.3 ஆயிற்று. மூலத்தில் எது என்று சொல்லாமல் ± மட்டும் போட்டிருந்தால் ஊகித்து எழுதக்கூடாது. முழுக் கட்டுரையின் அட்டவணை அடியில் தேடவேண்டும்.

*

மாலையில் திருத்திய வாக்கியத்தை மறுபடி வாசித்தேன்: "திப்பி கலந்தால் தீவனச் செலவு குறையக்கூடும், முட்டை குறைகிறதா என்பதை இந்த ஆய்வு தெளிவாக்கவில்லை."

என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். "செலவு குறைஞ்சாலும் குறையும். முட்டை போச்சா இல்லையான்னு அவங்களுக்கே தெரியலை. நான் ஒரு ஷெட்டுல மட்டும் போட்டுப் பாக்கோணும்" என்றார்.