கருப்பனின் குடலும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியும்



சென்ற வாரம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடைபெற்றது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார், மகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றுக்கொண்ட பின்னும் எழாமல் தயங்கி அமர்ந்திருந்தார். "டீச்சர், உங்கள் பூனைக்கும் இப்படித்தான் ஆனதாமே? எங்கள் பூனை நன்றாகத்தான் சாப்பிடுகிறது. ஆனால், வாரத்தில் நான்கு நாள் வாந்தி எடுக்கிறது, எலும்பும் தோலுமாகிவிட்டது. ஸ்கேனில் குடல் தடித்திருக்கிறது என்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமா?" என்று கேட்டார். வரிசையில் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தனர். அன்று சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கருப்பனுக்கு 2022ஆம் ஆண்டில் 11 வயது. எட்டே மாதங்களில் அவன் எடை 4.8 கிலோவிலிருந்து 3.6 கிலோவாகக் குறைந்தது. வாந்தியை நாங்கள் முதலில் பொருட்படுத்தவில்லை. நாக்கால் நக்கி விழுங்கிய முடிதான் காரணம் என்று எண்ணினோம். பிறகு அருகிலிருந்த மருந்தகம் ஒன்றில் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மூன்று வாரம் கருப்பன் துள்ளி விளையாடினான். நான்காம் வாரம் வாந்தி திரும்பியது.

வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஸ்டீராய்டு கொடுத்தீர்களா? எப்பொழுது?" என்பதுதான். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.

முதலில் இரத்தப் பரிசோதனை செய்தார். வயதான பூனை மெலிவதற்குத் தைராய்டும் சிறுநீரகமும் பெரும்பாலும் காரணமாக இருக்கும். கருப்பனுக்கு இரண்டும் சரியாக இருந்தன. பி12 உயிர்ச்சத்து மட்டும் மிகவும் குறைந்திருந்தது. அந்தச் சத்தைக் குடலின் கடைப்பகுதிதான் உறிஞ்சுகிறது. ஆகவே, பழுது அங்கே இருக்கலாம் என்றார்.

அடுத்து அல்ட்ராசவுண்ட். பூனையின் சிறுகுடல் சுவர் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கருப்பனுக்கு அது 3.4 மில்லிமீட்டர். சுவரின் அடுக்குகள் கலையாமல் இருந்தன. ஆனால், தசை அடுக்கு மட்டும் பருத்திருந்தது. அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களும் சற்று வீங்கியிருந்தன.

"அப்படியென்றால் புற்றுநோயா?" என்று நானும் அந்தத் தாயார் கேட்டதையே கேட்டேன்.

"இந்தப் படம் இரண்டு நோய்களுக்கும் பொருந்தும்" என்றார் மருத்துவர். ஒன்று குடல் அழற்சி நோய். மற்றொன்று சிற்றணு லிம்போமா என்னும் மெதுவாக வளரும் புற்றுநோய். முன்னதில், லிம்போசைட் எனப்படும் வெள்ளையணுக்கள் உணவுக்கோ குடல் நுண்ணுயிர்களுக்கோ எதிராகக் குடல் சுவரில் திரள்கின்றன. பின்னதில், அதே வெள்ளையணுக்களுள் ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகிச் சுவரை நிரப்புகிறது. இரண்டிலும் சுவர் தடிக்கும். இரண்டிலும் கணுக்கள் வீங்கலாம். தசை அடுக்கு பருத்திருந்தால் லிம்போமா என்னும் ஐயம் வலுப்படும்; ஆயினும் அது முடிவாகாது. மாணவனின் கட்டுரை நோட்டு தடிமனாக இருப்பதைப் பார்த்து உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று நாம் சொல்ல முடியுமா? அதைப் போன்றதுதான் இதுவும்.

கணுவில் ஊசி குத்தி அணுக்களை எடுத்துப் பார்க்கலாமே என்றேன். வேகமாகப் பரவும் பேரணு லிம்போமாவாக இருந்தால் அது பயன்படும். அந்த அணுக்கள் பார்த்தவுடனே வேறுபட்டுத் தெரியும். சிற்றணு லிம்போமாவின் அணுக்களோ இயல்பான லிம்போசைட்டுகளைப் போலவே இருக்கும். எனவே, தனி அணுக்களைப் பார்ப்பது போதாது. அவை சுவருக்குள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்குத் திசு வேண்டும்.

திசு எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. வாய் வழியாக எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்தினால் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆனால், சுவரின் மேற்பரப்புத் துணுக்குகளே கிடைக்கும். சிறுகுடலின் நடுப்பகுதிக்குக் குழாய் எட்டாது. அறுவை சிகிச்சையில் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சுவரின் முழுத் தடிமனுக்கும் திசு எடுக்கலாம். அதன் ஆபத்து, தையல் விட்டுக் குடலிலிருந்து கசிவது. முதல் ஐந்து நாள்கள்தாம் அச்சத்திற்குரியவை. இரத்தத்தில் புரதம் குறைந்த பூனைக்கு அந்த ஆபத்து கூடுதல். கருப்பனுக்குப் புரத அளவு நன்றாக இருந்ததால் அறுவைக்கு ஒப்புக்கொண்டோம்.

இருப்பினும், உடனே செய்ய முடியவில்லை. முன்பு போட்ட ஊசிதான் தடை. ஸ்டீராய்டு லிம்போசைட்டுகளை அழிக்கும். அழற்சி அணுவானாலும் புற்று அணுவானாலும் அதற்கு வேறுபாடில்லை. அந்த நிலையில் திசு எடுத்தால் விடை மங்கலாகிவிடும். மெலிந்துகொண்டே இருந்தவனை வைத்துக்கொண்டு, ஊசியின் தாக்கம் வடியும்வரை நான்கு வாரம் காத்திருந்தோம்.

2022 செப்டம்பரில் அறுவை நடந்தது. பத்து நாள்களில் அறிக்கை வந்தது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் அழற்சி மட்டுமே. நடுப்பகுதியிலும் கடைப்பகுதியிலும் சிற்றணு லிம்போமா. அங்கே ஒரே வகை அணுக்கள் உட்புற மேல்தோலுக்குள் கூடுகூடாக நுழைந்திருந்தன. எண்டோஸ்கோப் வழி தொடக்கப் பகுதியை மட்டும் பார்த்திருந்தால், "அழற்சி" என்று நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம்.

ஐயத்தை நீக்க, அணுக்கள் யாவும் ஒரே மூல அணுவின் வழித்தோன்றல்களா என்று கண்டறியும் மரபணுச் சோதனையும் செய்யப்பட்டது. ஆம் என்றே விடை வந்தது. ஆனால், சில வேளை அழற்சியிலும் அவ்விடை வருவதுண்டு. எந்த ஒரு சோதனையும் தனித்து நின்று இவ்விரு நோய்களையும் பிரித்துக் காட்டாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்தனை பாடும் எதற்காக? மருத்துவம் வேறுபடுவதால்தான். அழற்சி என்றால் முதலில் உணவை மாற்றுவார்கள்: பூனை இதுவரை உண்ணாத இறைச்சி, அல்லது புரதம் நுண்ணியதாகச் சிதைக்கப்பட்ட சிறப்புணவு. இரண்டு மூன்று வாரங்களில் சில பூனைகள் அதிலேயே தேறிவிடும். தேறாவிட்டால் பிரெட்னிசலோன் கொடுத்து, குணம் கண்டபின் படிப்படியாகக் குறைப்பார்கள். லிம்போமா என்றால் பிரெட்னிசலோன் மட்டும் போதாது. சில காலம் நன்றாயிருந்து நோய் திரும்பும். அதனுடன் குளோராம்புசில் என்னும் கீமோ மாத்திரையும் வேண்டும். பி12 ஊசி, குறைவு இருந்தால் இரு நோய்க்கும் பொது.

கருப்பனின் எடைக்குத் தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனும், ஒருநாள் விட்டு ஒருநாள் 2 மில்லிகிராம் குளோராம்புசிலும் குறித்துக் கொடுத்தார். குளோராம்புசிலை உடைக்கக் கூடாது. கையுறை அணிந்தே எடுக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது. வெள்ளையணுக்கள் குறைகின்றனவா என்று அவ்வப்போது இரத்தம் பார்க்க வேண்டும். கருப்பனுக்கு ஒருமுறை குறைந்தது. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி மீண்டும் தொடங்கினோம். அவனுக்கு முடி கொட்டவில்லை. நான்கு மாதங்களில் எடை 4.4 கிலோ ஆனது.

2025 மார்ச்சில் கருப்பன் எங்களை விட்டுப் பிரிந்தான். இரண்டரை ஆண்டு. வேகமாகப் பரவும் லிம்போமாவாக இருந்தால் இதில் பெரும்பகுதி கிடைத்திருக்காது.

மறுநாள் அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஸ்கேன் முடிவை வைத்துப் புற்றுநோய் என்று அழ வேண்டாம், புற்றுநோய் இல்லை என்று மகிழவும் வேண்டாம். உணவை மாற்றிப் பார்ப்பதைப் பற்றியும் திசுப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். பூனையின் உடல் அறுவையைத் தாங்காது என்றாலோ செலவு கைக்கு மீறியது என்றாலோ அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உணவு மாற்றம் பயன்தராதபோது, திசு எடுக்காமலே இரண்டு மருந்துகளையும் சேர்த்துத் தொடங்கும் வழியும் உண்டு. பிடிவாதமான அழற்சிக்கும் குளோராம்புசில் கொடுப்பார்கள். ஆனால், எந்த வழி என்று முடிவாகும்வரை ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம்" என்றேன்.

சற்று நேரம் மௌனம். பிறகு, "நாளைக்கு ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள், டீச்சர்" என்றார்.

"போங்கள். ஊசிக்கு முன் அது என்ன மருந்து என்று கேளுங்கள்" என்றேன்.