நூறு வருடம் கொடுத்த கம்பனியும் ஒரு சதமும்



ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவரின் கையில் பணிக்கொடை கிடைத்ததும், அதை எங்கே போடுவது என்ற பேச்சு நமது ஆசிரியர் ஓய்வறைகளில் ஆரம்பித்துவிடும். பங்குச் சந்தை பற்றிக் கதை வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அந்தக் கொம்பனி எத்தினையோ வருஷமா டிவிடன்ட் குடுக்குது, பயப்படத் தேவல்ல."

இந்த ஒரு வசனத்துக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எவ்வளவு காலமாகக் கொடுக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு சீராகக் கொடுக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை, உலகமே அறிந்த ஒரு கம்பனியின் பங்கிலாப வரலாற்றை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தான் அந்தக் கம்பனி. பாடத்துக்கான உதாரணமாக மட்டுமே அதை எடுக்கிறோம். வாங்கச் சொல்லவில்லை. ஒரு கம்பனியின் தொழில் நமக்கு ஆகுமானதா என்பது தனிக் கேள்வி, அதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஜெனரல் எலக்ட்ரிக் 1899 முதல் பங்கிலாபம் கொடுத்து வந்தது. 1938இல் ஒரு தடவை குறைத்தது. அதன் பிறகு சுமார் எழுபது வருடங்களாகக் குறைக்கவே இல்லை. 2008இல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பங்கொன்றுக்கு 31 சதம் கொடுத்தது. ஆயிரம் பங்கு வைத்திருந்த ஒருவருக்கு வருடத்துக்கு 1,240 டொலர். அந்த வருடம் நிதி நெருக்கடி தொடங்கியிருந்த போதும், 2009 முழுவதும் இதே தொகையைத் தொடர்வதே திட்டம் என்று கம்பனி அறிவித்தது. எழுபது வருட வரலாறும் கம்பனியின் வாக்கும் சேர்ந்தால் யார்தான் சந்தேகப்படுவார்?

2009 பெப்ரவரி இறுதியில் அந்தத் தொகையை 10 சதமாகக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆயிரம் பங்குக்கான வருட வருமானம் 1,240 டொலரிலிருந்து 400 டொலராகியது. அந்தக் கம்பனி மின்குமிழும் இயந்திரமும் செய்வதோடு நிற்கவில்லை. கடன் வாங்கிக் கடன் கொடுக்கும் பெரிய நிதிப் பிரிவு ஒன்றையும் நடத்தி வந்தது. கடன் சந்தை இறுகியபோது கையில் காசு வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது. அதற்காகக் கை வைக்கக்கூடிய பெரிய தொகை பங்கிலாபமாகவே இருந்தது.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பங்கிலாபம் கம்பனி நமக்குத் தரவேண்டிய கடன் அல்ல. பணிப்பாளர் சபை ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்கும் தீர்மானம் அது. நமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும், பங்கிலாபம் கொடுத்த பிறகும் கம்பனியால் தன் கடன்களைத் தீர்க்க முடியும் என்று பணிப்பாளர் சபை திருப்தியடைந்த பின்பே கொடுக்கலாம் என்கிறது. ஆக, நீண்ட வரலாறு கம்பனியின் கடந்தகால நடத்தையைத்தான் காட்டுகிறது. அடுத்த வருடம் கொடுக்கும் சக்தி இருக்கிறதா என்பதை அது காட்டாது.

இனி, குறைத்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். பட்டியலை உண்மையில் வாசிக்கப் பழகுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு வருடமும் பங்கொன்றுக்கு அறிவித்த மொத்தத் தொகை இது:

2010: 46 சதம்
2011: 61 சதம்
2012: 70 சதம்
2013: 79 சதம்
2014: 89 சதம்
2015: 92 சதம்
2016: 93 சதம்

மேலோட்டமாகப் பார்த்தால் ஏழு வருடம், ஆறு தொடர் அதிகரிப்பு. நல்ல கம்பனி என்றுதான் தோன்றும். இப்போது பக்கத்திலேயே இன்னொரு வரிசை எழுதுவோம். முந்தைய வருடத்தைவிட எவ்வளவு கூடியது? 15, 9, 9, 10, 3, 1. தொகை கூடிக்கொண்டுதான் போகிறது, ஆனால் கூடும் வேகம் கடைசி இரண்டு வருடத்தில் அப்படியே விழுந்துவிட்டது. ஒரு சதம் கூட்டும் கம்பனி, "நாங்கள் கூட்டுகிறோம்" என்ற பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் அது. இன்னொன்றும் உண்டு. 2008இல் இருந்த 124 சதத்தை அது ஒருபோதும் திரும்பத் தொடவில்லை. பட்டியலை 2010இல் இருந்து மட்டும் வாசிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. குறைந்தது ஒரு பெரிய நெருக்கடிக்கு முந்திய வருடங்களும் உள்ளே வருமாறு பட்டியலை நீட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

2017 நவம்பரில் காலாண்டுக்கு 24 சதமாக இருந்தது 12 சதமானது. 2018 ஒக்டோபரில் 12 சதம் ஒரு சதமானது. 2019 முழுவதற்கும் பங்கொன்றுக்குக் கிடைத்தது 4 சதம். 2008இல் 1,240 டொலர் வாங்கிய அதே ஆயிரம் பங்குக்காரருக்கு 40 டொலர்.

ஆனாலும் "1899 முதல் பங்கிலாபம் கொடுத்து வருகிறது" என்ற வசனம் அப்போதும் உண்மையாகவே இருந்தது. ஒரு சதமும் பங்கிலாபம்தானே. எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் தேடினால் இந்த இடத்தில் ஏமாந்துபோவோம்.

பட்டியலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2021இல் காலாண்டுத் தொகை ஒரு சதத்திலிருந்து 8 சதமாகிறது. எட்டு மடங்கு கூடியதா? இல்லை. அந்த வருடம் எட்டுப் பங்கை ஒரு பங்காகச் சேர்த்தார்கள். ஆயிரம் பங்கு 125 பங்கானது. முன்பு ஆயிரம் பங்குக்கு ஒரு சதம் வீதம் 10 டொலர், பின்பு 125 பங்குக்கு 8 சதம் வீதம் அதே 10 டொலர். எண்ணிக்கைதான் மாறியது, கைக்கு வந்த காசு மாறவில்லை.

சரி, 2017இன் வீழ்ச்சியை முன்கூட்டியே காண வழி இருந்ததா? இருந்தது, ஆனால் அது பங்கிலாபப் பட்டியலுக்குள் இல்லை. ஆண்டறிக்கையின் காசுப்பாய்ச்சல் கூற்றில் இருந்தது. கம்பனி வருடத்துக்கு 8 பில்லியன் டொலருக்கு மேல் பங்கிலாபமாகச் செலுத்தி வந்தது. 2017இல் கைத்தொழில் பிரிவுகளிலிருந்து 12 முதல் 14 பில்லியன் வரை காசு வரும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். ஒக்டோபரில் அந்த எதிர்பார்ப்பைச் சுமார் 7 பில்லியனாகக் குறைத்தார்கள். ஏழு வரும் வீட்டிலிருந்து எட்டுக்கு மேல் போனால் எவ்வளவு நாள் தாங்கும்? அடுத்த மாதமே பங்கிலாபம் பாதியானது.

எனவே பங்கிலாபத்தை இலாபத்தோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடக் கூடாது. தொழிலிலிருந்து உண்மையில் வந்த காசில், இயந்திரம் கட்டடம் வாங்கிய செலவைக் கழித்து, மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்று நான்கு வருடங்களை வரிசையாக வைத்து, பங்கிலாபம் அந்த மிச்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு வருடம் தாண்டினால் காரணம் தேடலாம். தொடர்ந்து தாண்டினால் கம்பனி கடனிலோ சேமிப்பிலோ இருந்துதான் கொடுக்கிறது.

இதையே நமது கம்பனிகளுக்குச் செய்வது எப்படி? கொழும்புப் பங்குச் சந்தையின் cse.lk தளத்தில் கம்பனியின் பெயரைத் தேடினால் பங்கிலாப அறிவித்தல்களும் ஆண்டறிக்கைகளும் கிடைக்கும். பெரும்பாலான ஆண்டறிக்கைகளின் இறுதிப் பக்கங்களில் ஐந்து அல்லது பத்து வருடச் சுருக்கமும் இருக்கும். இரண்டு பழைய அறிக்கைகளைச் சேர்த்தால் நீண்ட பட்டியல் ஒன்று தயார். எழுதும்போது சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

காசு கைக்கு வந்த திகதியை வைத்து எழுதாமல், எந்த நிதியாண்டுக்கான பங்கிலாபம் என்பதை வைத்து எழுத வேண்டும். இடைக்காலப் பங்கிலாபமும் இறுதிப் பங்கிலாபமும் வெவ்வேறு மாதங்களில் வருவதால், திகதி கொஞ்சம் தள்ளிப்போனாலே ஒரு வருடத்தில் மூன்று கொடுப்பனவும் மறு வருடத்தில் ஒன்றும் விழுந்துவிடும். சீரான கம்பனியும் தடுமாறுவது போலத் தெரியும்.

பங்குகளைப் பிரித்திருந்தால் பழைய தொகைகளையும் அதே அளவில் பிரிக்க வேண்டும். பத்து ரூபாய் கொடுத்த கம்பனி ஒரு பங்கை இரண்டாக்கிய பிறகு ஐந்தரை ரூபாய் கொடுத்தால் அது குறைப்பு அல்ல. பழைய கணக்கில் பதினொரு ரூபாய். அதுபோல, காணி ஒன்றை விற்று ஒரு தடவை கொடுத்த விசேட பங்கிலாபத்தைத் தனி நிரலில் எழுதுங்கள். சீர் பார்க்கும்போது அதைச் சேர்க்க வேண்டாம். அறிவித்தலில் உள்ள தொகை பொதுவாக வரிக்கு முந்தியது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2023 ஜனவரி முதல் 15 வீதம் கழித்தே கைக்கு வருகிறது.

இன்னொன்று நமது நாட்டுக்கே உரியது. பட்டியலில் 5, 5, 5, 5 என்று நேர்கோடாக இருந்தால் சீர் என்று சொல்லிவிடத் தோன்றும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. அப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்த ஐந்து ரூபாயால், அரிசிக்கடையில் பழைய ஐந்து ரூபாயின் வேலையைச் செய்ய முடியாது. எண்ணில் சீர் இருந்தாலும் பெறுமதியில் அது குறைப்பு.

பட்டியல் முடிந்ததும் அதன் அடியில் மூன்று வரி எழுதினால் போதும். இத்தனை வருடங்களில் எத்தனை வருடம் கொடுத்தது? எத்தனை தடவை குறைத்தது, அல்லது நிறுத்தியது? மிக மோசமான வருடத்தில் எவ்வளவு கொடுத்தது?

மூன்றாவது வரிதான் வீட்டுச் செலவுக்கு உதவும் வரி. கடைசி வருடத் தொகையை நம்பி மாதச் செலவைத் திட்டமிடும் குடும்பம், அடுத்த குறைப்பின்போது கடன் கேட்டுப் போக வேண்டி வரும். மிக மோசமான வருடத்தின் தொகையை வைத்துத் திட்டமிட்ட குடும்பத்துக்கு மற்ற வருடங்களில் வருவதெல்லாம் மேலதிகம். அந்த மோசமான வருடத் தொகை சைபர் என்றால், எவ்வளவு பழைய கம்பனியாக இருந்தாலும், பணிக்கொடை முழுவதையும் அதில் வைத்து மாதச் செலவைக் கொண்டுபோக முடியாது.