யார் என் சார்பில் பேசலாம்

லண்டனில் ஒரு சட்ட ஆலோசனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் ஈழத்துப் பெண்கள் பலர் ஒரு பையோடு வருவார்கள். அதற்குள் உடைக்கப்படாத கடித உறைகள் இருக்கும். கவுன்சிலில் இருந்து, உதவித்தொகை அலுவலகத்தில் இருந்து, சில சமயம் கடன் வசூலிப்பவர்களிடம் இருந்தும் வந்தவை. அவற்றைப் பிரித்துப் படிப்பது சுலபம். அந்த அலுவலகத்தோடு அவர்களுக்காகப் பேசுவதற்குத்தான் முதலில் அவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே அதை லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி என்பார்கள். "என் விஷயமாக இன்னார் உங்களோடு பேசலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம். அது இல்லாமல் நான் தொலைபேசியில் அழைத்தால், தகவல் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி மறுத்துவிடுவார்கள். அப்படி மறுப்பது சரிதான். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஒரு பெண்ணின் கணக்கைப் பற்றி விசாரிக்கலாம், அவளுடைய கணவன் உட்பட.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்காவின் கதையைச் சொன்னால் விஷயம் விளங்கும். கணவர் எட்டு மாதங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கவுன்சில் வரி கட்டப்படவில்லை. வரிச்சீட்டில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே அவர் பேனாவை எடுத்தார்.

"எங்க வைக்கோணும், பிள்ளை?"

"முதல்ல வாசிச்சுப் பாப்பம், அக்கா."

"நீங்கள் எழுதினது சரியாத்தானே இருக்கும். அவரும் எல்லாத்தையும் எழுதி வைச்சிட்டு இடத்தைக் காட்டுவார், நான் வைக்கிறனான்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழக்கத்தைச் சொன்னார். ஆனால் அந்தப் பழக்கத்தோடு வாங்கிய கையெழுத்தை நான் எடுத்துக்கொண்டால், அவருடைய கணவர் இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றுதான் அர்த்தம். ஆகவே எங்கள் நிலையத்தில் சில வழக்கங்கள் உண்டு. கூட வந்தவர் யாராக இருந்தாலும், மகனோ சகோதரனோ, இந்தப் பேச்சின்போது வெளியே இருக்க வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதில்லை. வெற்றுத் தாளிலும் பாதி நிரப்பிய படிவத்திலும் கையெழுத்து வாங்குவதில்லை. ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்லி, பிறகு அவரையே திருப்பிச் சொல்லக் கேட்கிறோம்.

அந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருந்தன. எந்தக் கணக்கு, யார் பேசலாம், எதைச் செய்யலாம், எதுவரைக்கும். தமிழில் சொன்னால் இப்படி: "என்னுடைய கவுன்சில் வரிக் கணக்கு குறித்து இந்த நிலையத்தின் ஆலோசகர் தகவல் கேட்கவும் பெறவும், தள்ளுபடி பற்றியும் தவணை பற்றியும் என் சார்பில் பேசவும் சம்மதிக்கிறேன். இது இன்றிலிருந்து மூன்று மாதங்களுக்குச் செல்லும். நான் எப்போது வேண்டுமானாலும் இதைத் திரும்பப் பெறலாம்."

மூன்றாவது விஷயத்தில்தான் நேரம் போனது. பேசுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று கவுன்சிலுக்குச் சொல்ல எனக்கு அதிகாரம் வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காசு விஷயம் எண்டால் என்னட்டைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ" என்றார். அந்த வரியையும் சேர்த்தோம்.

பெயரிலும் ஒரு சிக்கல். கடவுச்சீட்டில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் தகப்பனின் பெயர். கவுன்சில் பதிவிலோ கணவரின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. கடிதத்தை அனுப்பும்போது பெயர், முகவரி, கணக்கு எண் மூன்றும் அலுவலகத்தின் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் எங்கோ கிடக்கும்; நாங்கள் அழைக்கும்போது "உங்களுக்கு அனுமதி இருப்பதாகப் பதிவு இல்லை" என்பார்கள். அந்தப் பதில் வந்தாலே முதலில் பெயரைத்தான் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "உது அவற்றை பேரெல்லே?" என்றார். பதிவில் பெயரை மாற்றுவது தனி வேலை. அன்றைக்கு வரிச்சீட்டில் இருந்தபடியே எழுதி, கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் அடுத்த வரியில் குறிப்பிட்டோம்.

கடிதம் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு கவுன்சிலை அழைத்தேன். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் வரியில் 25 சதவீதம் குறையும். கணவர் போனதை யாரும் கவுன்சிலுக்குச் சொல்லவில்லை. ஆண்டு வரி 1,800 பவுண். எட்டு மாதத்துக்கு 1,200. அதில் கால்வாசி, 300 பவுண், அவர் கட்டத் தேவையில்லாதது. கணவர் வேறு முகவரிக்குப் போனதற்கு ஆதாரம் கேட்டார்கள், கொடுத்தோம், கழித்தார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்து நிலுவை கழியவில்லை. தம்பதியர் ஒன்றாக இருந்த காலத்துக்கு இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு; கவுன்சில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். அதிகாரக் கடிதத்தால் இதை மாற்ற முடியாது. அதைத் தவணையாகக் கட்டுவது பற்றிப் பேசினேன். எவ்வளவு என்பதை அக்காவே முடிவு செய்தார்.

அடுத்தது யூனிவர்சல் கிரெடிட். அந்த அலுவலகத்தில் பொதுவான ஒரு கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேச முடியாது. எந்தக் கேள்விக்காக, எந்தத் தகவலை, யாருக்கு, ஏன் சொல்லலாம் என்று வெளிப்படையாகச் சம்மதம் தர வேண்டும். பெரும்பாலும் அதைத் தன்னுடைய இணையக் கணக்கில் இருக்கும் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதுவார்கள். கேட்ட விஷயம் முடிந்ததும் அந்தச் சம்மதமும் முடியும். அடுத்த கேள்விக்கு மறுபடி எழுத வேண்டும். எங்களுக்கு இது சிரமம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பெண்ணிடமே திரும்பிப் போய்க் கேட்க வைக்கிறது.

தம்பதியராக விண்ணப்பித்திருந்தாலும் ஜர்னல் ஆளுக்கொன்று. ஒருவருடைய கணக்கிலிருந்து மற்றவருடைய ஜர்னலைப் பார்க்க முடியாது. ஆனால் அக்காவின் கணக்கைத் திறந்து கொடுத்தது கணவர். கடவுச்சொல்லைத் தெரிவு செய்தவர் அவர். பதிந்திருந்த தொலைபேசி எண்ணும் அவருடையது. எங்கள் நிலையத்தின் பெயரை அங்கே எழுதியிருந்தால் அவர் வாசித்திருப்பார். ஆகவே சம்மதம் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது: "இந்தக் கணக்குக்குள்ள வேற ஆர் போகலாம்?" பதில் கேட்டபின், அக்கா என் பக்கத்தில் இருந்து அலுவலகத்துக்குத் தானே அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டு, தான் யார் என்பதைச் சொல்லி, தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னார். ஆள் பக்கத்தில் இருந்து தானே சம்மதம் சொன்னால் அன்றைய பேச்சுக்குத் தாள் தேவையில்லை. கடவுச்சொல்லைப் புதிதாக வைத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வரி விஷயம் இரண்டு மாதத்தில் முடிந்தது. கடிதத்தில் மூன்று மாதம் என்று இருந்தாலும் வேலை முடிந்தால் அதிகாரத்தையும் முடித்துவிடுகிறோம். இரண்டு வரி போதும்: இந்தத் தேதியில் நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், இனி என்னோடு நேரடியாகப் பேசவும். அந்த இரண்டு வரியையும் அக்கா ஒருமுறை வாசிக்கச் சொன்னார், பிறகு இன்னொரு முறை. "உங்களை நிப்பாட்டவும் நான்தான் கையெழுத்து வைக்கோணுமோ?" என்று கேட்டுச் சிரித்தார். ஓம் என்றேன்.