சொல்லின் வயது

ஒரு சொல் பல நூற்றாண்டுகள் வாழ்கிறது. மற்றொரு சொல் சில ஆண்டுகளிலேயே உதிர்ந்துவிடுகிறது. இளையோர் பேச்சில் பிறக்கும் சொற்களுள் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நெய்வேலி நகரியத்தில் நெடுங்காலம் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, அத்தகைய சொற்களின் வரவையும் மறைவையும் அருகிருந்து காணும் வாய்ப்புக் கிட்டியுள்ளது. 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின், பல மாவட்டங்களைச் சேர்ந்த குடும்பங்கள் இங்குள்ள வட்டங்களில் குடியேறின. வீட்டில் நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ பேசும் பிள்ளைகள், பள்ளித் திடலில் கூடும்போது தமக்கெனப் பொதுவான பேச்சொன்றை ஆக்கிக்கொள்கின்றனர்.

இதனை நம் இலக்கணம் முன்பே அறிந்திருந்தது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என வழங்குவதை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். இளையோர் சொல் விரைவில் மூப்படைவதன் காரணமும் இங்கேதான் உள்ளது. ‘நாங்கள் ஒரு குழு’ என்று காட்டுவதே அச்சொல்லின் முதற்பணி. பெற்றோரும் ஆசிரியரும் விளம்பரங்களும் அதை எடுத்தாளத் தொடங்கியதும் அப்பணி முடிந்துவிடுகிறது. இளையோர் வேறு சொல்லை நாடுகின்றனர். எனவே, ஒரு சொல் எங்கும் ஒலிப்பது அதன் இளமைக்குச் சான்றாகாது. சில வேளைகளில் அது முதுமையின் அறிகுறியாகும்.

பள்ளி ஆண்டு விழாவிற்காகப் பழைய நாடகப் படி ஒன்றை எடுத்தோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்நாடகத்தை, இன்று நிகழும் கதையாக மேடையேற்றுவது திட்டம். அதில் பதினேழு வயது மாணவன் ஒருவன் தன் நண்பனை, “என்னடா, கடலை போடுறியா?” என்று கேலி செய்கிறான். வேறோரிடத்தில், “மொக்கை போடாதே” என்கிறான். இவை இன்றும் வழக்கில் உள்ளனவா, வழக்கிறந்தனவா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வழக்கிறந்த சொல்லை இளைஞன் வாயில் வைத்தால், அவன் தன் தந்தையின் வயதினனாக ஒலிப்பான், பாத்திரமே பொய்த்துவிடும்.

“இச்சொல் உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்பது பயன் தராது. தெரிந்திருத்தல் வேறு, வழங்குதல் வேறு. பழைய திரைப்படங்களின் வாயிலாகவும் பெற்றோர் வாயிலாகவும் மாணவர் பல சொற்களை அறிந்திருப்பர். ஆகவே, சொல்லை மறைத்துச் சூழலை மட்டும் கூறினோம்: “ஒருவன் தன் தோழியோடு நெடுநேரம் பேசிக்கொண்டே இருக்கிறான். அவனை எவ்வாறு கேலி செய்வீர்கள்?” ஒவ்வொருவரும் பிறர் விடையைப் பாராது எழுதினர். எவரும் ‘கடலை’ என எழுதவில்லை. பின்னர் அச்சொல்லைக் காட்டியபோது, அனைவரும் பொருள் கூறினர். இதே வினாவை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுவரச் செய்தோம். நாற்பதைக் கடந்தவர்களிடமிருந்து அச்சொல் உடனே வந்தது. அவர்களின் இளமையோடு பிறந்து, அவர்களோடு மூத்த சொல் அது.

இடையில் ஒரு மாணவன் திடலில் ‘கடலை’ என்று சொன்னதைத் தாம் கேட்டதாகச் சிலர் கூறினர். விசாரித்தபோது, அவன் தன் மாமாவின் குரலில் பேசிக் காட்டியிருந்தான் எனத் தெரிந்தது. நடித்துக் காட்டும்போது வரும் சொல்லை வழக்கெனக் கொள்ளலாகாது. இணையத்தில் தேடிக் காண்பதிலும் இத்தகைய இடர் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதும் நேற்று எழுதப்பட்டதும் அங்கே அருகருகே நிற்கும். எழுதிய நாளையும் எழுதியவர் ஏறத்தாழ எவ்வயதினர் என்பதையும் காணாமல் முடிவுக்கு வருதல் கூடாது.

‘மொக்கை’ வேறு விடை தந்தது. சுவையற்ற நகைச்சுவையை எவ்வாறு குறிப்பீர்கள் எனக் கேட்டபோது, மாணவரும் பெற்றோரும் ஒருங்கே அச்சொல்லைத் தந்தனர். கூர் மழுங்கிய கத்தியை மொக்கை என்பது பழகிய வழக்கு. கூரற்ற பேச்சுக்கு அப்பெயர் இயல்பாகப் பொருந்தியது. குழுவின் அடையாளமாக மட்டும் நில்லாமல், வேறொரு சொல்லால் எளிதில் நிரப்ப முடியாத பொருளையும் தாங்கியதால் அது பொதுவழக்கில் நிலைத்தது என்று கருதுகிறேன்.

நாடகத்தில் ‘மொக்கை’யை இருந்தபடியே விட்டோம். ‘கடலை’யை நீக்கவில்லை, நாற்பத்தைந்து வயது மாமா பாத்திரத்திற்கு மாற்றினோம். மாணவன் பேசும் இடத்தில், வகுப்பில் பலர் எழுதிய விடையைச் சேர்த்தோம். அதன் ஓரத்தில் ஆண்டையும் ‘நெய்வேலி’ என்ற ஊர்ப்பெயரையும் குறித்துவைத்தோம். சென்னையிலோ மதுரையிலோ இதே வினாவுக்கு வேறு விடை கிடைக்கலாம். இங்கும் அடுத்த அணி மாணவர் வேறொன்றை எழுதலாம். இந்நாடகம் மீண்டும் மேடையேறும்போது, முதலில் திருத்த வேண்டிய சொல் எதுவென்பதை அந்த ஓரக்குறிப்பே காட்டும்.