அதானே

ரேடியோ விளம்பரம் எழுதுகிறவனுக்கு முப்பது நொடி என்றால் ஐம்பது சொல். கோவையில் சில வருஷம் அந்த வேலை பார்த்திருக்கிறேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஐம்பதைத் தாண்டினால் குரல் கொடுக்கிறவர் மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கும். கடைப் பெயர் இரண்டு தடவை, "காந்திபுரம், கிராஸ்கட் ரோடு" ஒரு தடவை. மிச்சம் முப்பத்தைந்தில் 916, பழைய நகை மாற்று, பரிசுக் கூப்பன் எல்லாம் வேண்டும் என்பார் கடைக்காரர்.

ஆனால் ரேடியோவில் நகையைக் காட்ட முடியாது. உரசிப் பார்க்கவும் முடியாது. அதனால் நான் பாதியை வெட்டிவிட்டு இப்படி எழுதுவேன்:

(கொலுசுச் சத்தம்)
மகள்: கல்யாணத்துக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கேம்மா!
அம்மா: என்ற கல்யாணத்துக்கும் எங்கம்மா இப்படித்தான் ஆறு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்துச்சு கண்ணு. இதே கடைக்கு.
(அரை நொடி மௌனம். பிறகு கடையின் வாசகம்.)

அந்த மௌனம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் வாசகமும் வசனத்தோடு ஓடிவிடும்.

வாசகம் என்றால் கல்யாண் ஜுவல்லர்ஸின் "நம்பிக்கை, அதானே எல்லாம்" மாதிரி இருக்கணும். திருச்சூரில் தொடங்கிய கடை. கேரளத்துக்கு வெளியே முதலில் வந்தது நம்ம கோவைக்குத்தான், 2004-இல். மலையாளத்தில் அந்த வாசகம் "விஸ்வாசம், அதல்லே எல்லாம்." அப்படியே தமிழில் போட்டிருந்தால் கெட்டிருக்கும். நமக்கு விசுவாசம் என்றால் நாய் எஜமானிடம் காட்டுவது. "அதல்லவா எல்லாம்" என்றால் பட்டிமன்றம்.

"அதானே" அப்படியில்லை. நாலு பேர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே சொல்கிற சொல். அது தகவல் சொல்வதில்லை, ஒப்புதல் கேட்கிறது. கேட்கிறவர் மனசுக்குள் "ஆமா" என்று முடித்துவிடுகிறார். கொங்குத் தமிழாக்குகிறேன் என்று "அதானுங்க எல்லாம்" என்று மாற்றிப் பாருங்கள். மரியாதை வந்துவிடும், கேள்வி போய்விடும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

இதே ஒட்டுச்சொல் வித்தை எனக்குப் பிடிக்காத இடத்திலும் வேலை செய்கிறது. "சேதாரம் அஞ்சு சதவீதத்திலிருந்து" என்ற வரியைக் கவனியுங்கள். நிபந்தனை மொத்தமும் அந்த "லிருந்து"வில் இருக்கிறது. குரல் அதை விழுங்கிவிடும். காதில் நிற்பது "அஞ்சு" மட்டும். ஐந்து பவுன் ஆரம், அதாவது 40 கிராம். சேதாரம் 5 சதவீதம் என்றால் 2 கிராம். வேலைப்பாடு அதிகம் என்று 18 சதவீதம் போட்டால் 7.2 கிராம். நடுவிலுள்ள 5.2 கிராம் முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. ரேடியோ கேட்டு வந்தவர் அதை பில்லில்தான் பார்ப்பார், அதுவும் சேதாரத்தைத் தனி வரியாகப் போட்டிருந்தால்.

கடைக்காரர்கள் அந்த வரியைக் கேட்டால், "லிருந்து"வுக்கு முன்னாலும் ஒரு அரை நொடி விடச் சொல்வேன். யாரும் விட்டதில்லை.