இரண்டு நிமிடம் என்றால் எத்தனை வார்த்தை?

"உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். எழுத உட்காரும்போதுதான் கேள்வி வரும். இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு எழுதுவது? அரைப் பக்கமா, ஒரு பக்கமா, ஒன்றரைப் பக்கமா?

இணையத்தில் தேடினால் பதில் உடனே கிடைக்கும். நிமிடத்துக்கு 130 முதல் 150 வார்த்தை, ஆகவே இரண்டு நிமிடத்துக்கு 260 முதல் 300 வார்த்தை. தப்பான பதில் இல்லை. ஆனால் அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் பேசப்போகிறவர் அதை நம்பி எழுதினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன்.

என் அறைத்தோழி கல்விக் கட்டண உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்தில் முதலில் இரண்டு நிமிட சுய அறிமுகம், தமிழில். இரண்டாவது நிமிடம் முடிந்ததும் மணி அடிக்கும், அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். (அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஊர், பேர் மட்டும் வேண்டாம் என்றாள்.)

அவள் எழுதி வைத்திருந்தது சரியாக 290 வார்த்தை. மனதுக்குள் படித்துப் பார்த்தாளாம், 1 நிமிடம் 50 விநாடி வந்ததாம். "கச்சிதமா இருக்குடி" என்றாள். எழுந்து நின்று, எதிரே நாலு பேர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டேன். முடிந்தபோது 3 நிமிடம் 35 விநாடி.

மனதுக்குள் படிக்கும்போது கண் தாவித் தாவிப் போகும். நாக்குக்கு வேலை இல்லை, மூச்சு வாங்க நிற்பதும் இல்லை. வாயை அசைக்காமல் எடுத்த நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 215 விநாடிக்கு 290 வார்த்தை என்றால் நிமிடத்துக்கு 81. அவள் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை. விடுதியில் அவள் பேச ஆரம்பித்தால் நடுவில் யாரும் புக முடியாது :-) பிறகு ஏன் இவ்வளவு குறைவு?

காரணம் அவள் வேகம் இல்லை, தமிழ் வார்த்தையின் நீளம். ஆங்கிலத்தில் 'ஐ கம் ஃப்ரம் எ வில்லேஜ்' என்பது ஐந்து வார்த்தை. தமிழில் 'கிராமத்திலிருந்து வருகிறேன்' என்று இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும். 'நான்' என்பது வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது, 'ஃப்ரம்' என்பது 'இலிருந்து' ஆகிப் பெயரோடு சேர்ந்துவிடுகிறது. வார்த்தை குறைந்ததே தவிர வாய்க்கு வேலை குறையவில்லை.

அதனால் தமிழில் வார்த்தைகளை எண்ணுவதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை மட்டும் எண்ணுவது. புள்ளி எழுத்து தனியாக ஒலிக்காது, முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். மற்ற ஒவ்வோர் எழுத்துக்கும் வாய் ஒரு தடவை திறக்க வேண்டும். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதில் 13 எழுத்து. புள்ளி வைத்தவை ஐந்து. மீதி எட்டு. வார்த்தைக் கணக்கில் இது ஒன்றுதான். இதையே 'படித்துக் கொண்டு இருக்கிறேன்' என்று பிரித்து எழுதினால் மூன்று வார்த்தை ஆகிவிடும். சொல்ல ஆகும் நேரம் என்னவோ கிட்டத்தட்ட அதேதான். கணினி காட்டும் எழுத்து எண்ணிக்கையும் இதற்கு உதவாது. அது கால், கொம்பு போன்ற குறிகளைத் தனித்தனியாக எண்ணும். கையால் நாலைந்து வரி எண்ணி, சராசரி பார்த்துப் பெருக்கிக்கொள்வதே போதும்.

அவள் எழுதியதில் ஒரு வார்த்தைக்குச் சராசரியாக மூன்றேகால், மூன்றரை எழுத்து வந்தது. நிறுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ நாலரை எழுத்து. இது அவள் குரலின் அளவு. உங்களுடையது கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

இலக்கத்தில் எழுதியவற்றைப் படிக்கிறபடி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். '87.5%' என்பது காகிதத்தில் ஒரு வார்த்தைக்கும் சின்னது. வாயில் அது 'எண்பத்தேழு புள்ளி ஐந்து சதவீதம்'. பன்னிரண்டு எழுத்து, இரண்டரை விநாடிக்கு மேல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஒவ்வொரு பருவம் என்று மதிப்பெண்களை அடுக்கினால் அதிலேயே கால் நிமிடம் போய்விடும். விண்ணப்பத்தில் அதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, நிமிடத்துக்கு 81 என்றால் மணி எந்த இடத்தில் அடிக்கும்? 162-ஆவது வார்த்தையில். காகிதத்தில் எண்ணி அந்த இடத்தில் ஒரு கோடு போட்டோம். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அவள் எதற்காக அங்கே போகிறாளோ, அதாவது அடுத்த வருடக் கட்டணம் கட்ட வழியில்லை என்ற விஷயம், 240-ஆவது வார்த்தைக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஊரின் அழகையும் பள்ளியின் பெருமையையும் கேட்டிருப்பார்கள். அவள் தேவை என்ன என்பது மட்டும் காதில் விழுந்திருக்காது.

கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது:

"எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்து, பிறகு தினமும் பஸ்ஸில் போய் வந்து பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, உறவினர்கள் பலர் வேண்டாம் என்று சொல்லியும் கல்லூரியில் சேர்ந்து, இப்போது..."

இங்கே மணி அடித்தால் கையில் என்ன மிஞ்சும்? தமிழில் வினை கடைசியில் வருகிறது. படித்து, வந்து, முடித்து, சேர்ந்து என்று கோத்துக்கொண்டே போனால் அந்த முடிவு தள்ளிக்கொண்டே போகும். நடுவில் வெட்டினால் வாக்கியம் எதையும் சொல்லி முடித்திருக்காது. இன்னொரு சிக்கல், இப்படிப்பட்ட வாக்கியத்தில் மூச்சு வாங்க நல்ல இடம் கிடையாது. பதற்றத்தில் இருப்பவர் அதை ஒரே மூச்சில் ஓட்டப் பார்ப்பார். கடைசி வார்த்தைகள் தொண்டைக்குள்ளேயே போய்விடும்.

அந்தப் பகுதியை இப்படி மாற்றினோம்:

"எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு வரைதான் பள்ளி உண்டு. மேல்படிப்புக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். இப்போது இளநிலை வேதியியல் படிக்கிறேன். அப்பா தறி ஓட்டினார். இப்போது தறி ஓடவில்லை. அடுத்த வருடக் கட்டணம் கட்ட வழியில்லை. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்."

29 வார்த்தை, ஏழு முற்றுப்புள்ளி. நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் 25 விநாடிதான். எந்தப் புள்ளியில் மணி அடித்தாலும் அதுவரை சொன்னது முழுசாக நிற்கும்.

அடுத்து தொடக்கம். "இங்கு கூடியிருக்கும் மதிப்பிற்குரிய தேர்வுக் குழுத் தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, என்னைப் போல் இங்கு வந்திருக்கும் மாணவ நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக் கொள்கிறேன்." 22 வார்த்தை, 72 எழுத்து, 16 விநாடி. பள்ளி மேடையில் பழகியது. ஐந்து நிமிடப் பேச்சில் இது ஒரு பொருட்டில்லை. இரண்டு நிமிடத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் சாப்பிட்டுவிடும். "எல்லோருக்கும் வணக்கம்" என்றால் இரண்டு விநாடி. மரியாதை குறையுமே என்று தயங்கினாள். அதைச் சொல்லிவிட்டு ஒரு விநாடி நின்று அவர்கள் முகத்தைப் பார், அதுவே மரியாதைதான் என்றேன்.

மொத்தத்தை 120 விநாடிக்கு எழுதாமல் 110 விநாடிக்கு எழுதினோம். நாற்காலியை இழுப்பது, தண்ணீர் விழுங்குவது, யாராவது குறுக்கே ஒரு கேள்வி கேட்பது என்று பத்து விநாடி எப்படியும் போகும். நிமிடத்துக்கு 81 என்றால் 110 விநாடிக்கு 148 வார்த்தை. பழைய 290-இல் ஏறக்குறைய பாதி.

அந்த 148-ஐ நான்காகப் பிரித்தோம். நான் யார் என்பதற்கு 20 விநாடி. ஏன் வந்திருக்கிறேன், எவ்வளவு தேவை என்பதற்கு 40. படிப்பில் என்ன செய்கிறேன், இனி என்ன செய்யப்போகிறேன் என்பதற்கு 30. கடைசி வேண்டுகோளுக்கும் நன்றிக்கும் 20. ஒரு நிமிடம் ஆகும்போது இரண்டாவது பகுதி முடிந்திருக்க வேண்டும். காகிதத்தில் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. பயிற்சியில் அந்தக் கோட்டுக்குத் தாமதமாக வந்தால் வேகத்தைக் கூட்டக் கூடாது, மூன்றாவது பகுதியில் பாதியை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். எதை விடுவது என்பதையும் அடைப்புக்குறி போட்டு முன்பே குறித்துவிட்டாள். மேடையில் நின்றுகொண்டு அதை யோசிக்க முடியாது.

ஒரு சந்தேகம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது. பதற்றத்தில் வேகமாகப் பேசிவிட்டால் 148 வார்த்தையும் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடாதா? தீரலாம். பதற்றத்தில் முதலில் காணாமல் போவது வாக்கியங்களுக்கு நடுவே வரும் நிறுத்தம். அதனால் நிறுத்தத்தையும் எழுதி வைத்தோம். புள்ளிக்குப் புள்ளி ஒரு சாய்கோடு, பகுதிக்குப் பகுதி இரண்டு. ஒரு கோடு என்றால் ஒரு மூச்சு. அப்படியும் சீக்கிரம் முடிந்தால் முடியட்டும். ஒன்றரை நிமிடத்தில் முடிப்பவரை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டாள். உதவி கிடைத்ததா என்று கேட்காதீர்கள், இன்னும் கடிதம் வரவில்லை. ஆனால் அடுத்து அவர்கள் கேட்ட முதல் கேள்வியே கட்டணத்தைப் பற்றித்தானாம். அதாவது விஷயம் காதில் விழுந்திருக்கிறது.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால், உங்கள் எழுத்தில் ஒரு பக்கத்தை நின்றுகொண்டு சத்தமாக ஒரு நிமிடம் படியுங்கள். எங்கே நின்றீர்களோ அதுவரை எண்ணுங்கள். அந்த எண்ணை இரண்டால் பெருக்கி, பத்து, பன்னிரண்டு வார்த்தை கழித்துவிடுங்கள். அதுதான் உங்கள் இரண்டு நிமிடம். என்ன எண் வந்தது என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை. என் குரலுக்கு நிமிடத்துக்கு 86 வருகிறது. அந்தக் கணக்கில் இந்தப் பதிவைச் சத்தமாகப் படித்தால் பத்து நிமிடத்தைத் தாண்டும். நல்லவேளை, இங்கே மணி அடிக்க ஆள் இல்லை :-)